மதிப்பீடும் செலவும்: வீடு கட்டுவோர் வைத்திருக்க வேண்டிய கணக்கு

(தோட்டமொன்றில் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில், கட்டட வேலைகளை மேற்பார்வை செய்துவரும் ஒருவர் நிகழ்த்திய உரை.)



உங்களுள் சிலர் தோட்டத்திற்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் சொந்த வீடு எழும்ப வேண்டும் என்பது உங்கள் எண்ணம். வரைபடம் போடுவது, ஊராட்சி மன்றத்தில் அனுமதி பெறுவது ஆகியவற்றைப் பற்றி மற்றொரு நாள் பேசலாம். வேலை தொடங்கிய பிறகு பணம் எப்படிப் போகிறது, அதை எப்படிக் கண்காணிப்பது என்ற ஒன்றை மட்டுமே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

வீடு கட்டுகிற ஒருவரிடம், "இதுவரை எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். "செலவான பணத்திற்கு எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. மொத்த மதிப்பீடு 90,000 வெள்ளி, இதுவரை 52,000 வெள்ளி செலவு, ஆகவே கையில் இன்னும் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கூரை வேயும் நேரத்தில்தான் பணம் போதாது என்பது தெரியவரும். சுவர் எழும்பிக் கூரையில்லாமல் மழையில் நனையும் வீடுகளைச் சாலையோரங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பலவற்றின் கதை இதுதான்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பால் நிறுக்கும் இடத்தில் வாளியின் எடையை மட்டும் பார்த்து ரப்பர் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சோதித்த பின்புதான் கணக்கு எழுதுகிறார்கள். மழை நீர் கலந்த பால் வாளியை நிறைக்கும், ரப்பரைக் கூட்டாது. வீட்டுச் செலவில் மொத்தத் தொகை என்பது வாளியின் எடை. முடிந்து நிற்கும் வேலையின் மதிப்பே உலர்ந்த ரப்பர். இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் நிலைமை விளங்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கைக் கொண்டே இதை விளக்குகிறேன். எண்களை எளிதாகப் புரியும்படி நேர்செய்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கலாம். கணக்கிடும் முறை மாறாது. கணவரும் மனைவியும் பால் வெட்டுபவர்கள். கட்டியது 25 அடிக்கு 30 அடி, அதாவது 750 சதுர அடியில் ஒரு மாடியில்லாத வீடு. குத்தகைக்காரருக்குக் கூலி மட்டும். பொருள் முழுவதையும் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுப்பது என்று பேச்சு. கூலி 36,000 வெள்ளி, பொருள் 54,000 வெள்ளி, ஆக மதிப்பீடு 90,000 வெள்ளி. இவர்களிடம் இருந்த பணம் 96,000 வெள்ளி. எதிர்பாராத செலவுக்கு 6,000 வெள்ளி கையிருப்பாக வைத்திருந்தார்கள்.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் சேமநிதிக் கணக்கு மூன்று பிரிவுகளாக இருப்பதும், வீட்டுக்கான பணம் அவற்றுள் சேஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கப்படுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பல ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்த பணம் அது. ஒரு முறை எடுத்துவிட்டால் அந்த இடம் மீண்டும் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். வேலையில் இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியிருப்பவருக்கு அது நிரம்பவே நிரம்பாது.

இவர்கள் முதலில் செய்தது, மதிப்பீட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதியதாகும். கரும்பலகையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அடித்தளமும் தரையும்: கூலி 7,000, பொருள் 12,000
தூணும் சுவரும்: கூலி 9,000, பொருள் 13,000
கூரை: கூலி 6,000, பொருள் 11,000
பூச்சு, குழாய், மின்கம்பி: கூலி 8,000, பொருள் 7,000
தரையோடு, கதவு, சாளரம், வண்ணம்: கூலி 6,000, பொருள் 11,000

ஐந்து வரிகள்தாம். ஆனால் இந்த ஐந்து வரிகள் இல்லாமல் எந்தக் கணக்கும் நடக்காது. குத்தகைக்காரர் தரும் மதிப்பீட்டுத் தாளில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், அதை இவ்வாறு பிரித்துத் தரும்படி கேளுங்கள். வேலை தெரிந்தவருக்கு இது அரை மணி நேர வேலை. பிரித்துத் தர மறுக்கிறவரிடம் வேலையைக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

ஒவ்வொரு கட்டமும் எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். "சுவர் முடிந்தது" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. கடைசி வரிக் கல்லை வைத்தவுடன் முடிந்தது என்பார் குத்தகைக்காரர். கதவு, சாளர நிலைகள் பொருத்தி, சுவரின் தலையில் ஓடும் கான்கிரீட் விட்டம் வார்த்து, பலகை பிரித்த பிறகே முடிந்தது என்று எழுதிக்கொண்டார்கள் இந்தக் குடும்பத்தார். பலகை பிரித்த பிறகு என்பது முக்கியம். கான்கிரீட்டைச் சரியாகக் குத்தி இறக்காமல் வார்த்திருந்தால், தேன்கூட்டைப் போன்ற ஓட்டைகளும் வெளியே தெரியும் கம்பியும் பலகையை எடுத்த பின்புதான் கண்ணுக்குப் படும். வார்த்த அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய யார் வருவார்?

இனி, தவணைப் பணம். குத்தகைக்காரர் இவர்களிடம் முதலில் கேட்ட ஏற்பாடு இது: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10,000, அடித்தளம் முடிந்ததும் 10,000, சுவர் முடிந்ததும் 8,000, கூரை முடிந்ததும் 6,000, எல்லாம் முடிந்ததும் 2,000. கூட்டினால் சரியாக 36,000 வருகிறது. கேட்பதற்கும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கரும்பலகையில் உள்ள எண்களோடு வைத்துப் பாருங்கள். அடித்தளம் முடிந்த நாளில் செய்திருக்கும் வேலையின் கூலி 7,000 வெள்ளி. அவர் கையில் போயிருக்கும் பணம் 20,000 வெள்ளி. அந்த நாளில் அவர் வேலையை விட்டுவிட்டுப் போனால் 13,000 வெள்ளி போனது போனதுதான். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. உங்கள் பணத்தைக் கொண்டு வேறொரு வீட்டின் வேலையை முடித்துக்கொண்டிருப்பார். அங்கே இடர் வந்தால் இங்கே வேலை நிற்கும். கடைசித் தவணை 2,000 வெள்ளிதான் என்றால், பூச்சும் தரையோடும் மீதமிருக்கும்போது அவருக்கு இங்கே வருவதற்கு என்ன ஆர்வம் இருக்கும்?

வீடமைப்பு நிறுவனம் கட்டி விற்கும் தரை வீடுகளுக்கு நம் நாட்டில் சட்டமே தவணைகளை வகுத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழுள்ள ஒப்பந்தப் படிவத்தில், கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, அடித்தளத்திற்கு 10 விழுக்காடு, கட்டடச் சட்டகத்திற்கு 15 விழுக்காடு என்று வேலையை ஒட்டியே பணம் கொடுக்கப்படுகிறது. கடைசி 5 விழுக்காடு வீட்டைப் பெற்றுக்கொண்ட பிறகும் வழக்குரைஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டு, 8 மாதம் கழித்துப் பாதியும் 24 மாதம் கழித்து மறுபாதியும் விடுவிக்கப்படுகிறது. சொந்த நிலத்தில் குத்தகைக்காரரை வைத்துக் கட்டுகிறவர்களுக்கு அந்தப் படிவம் செல்லாது. உங்களுக்கும் அவருக்கும் இடையே எழுதப்படும் தாளே உங்கள் பாதுகாப்பு. ஆகையால் அதே வழியைப் பின்பற்றி எழுதிக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்தார் ஒவ்வொரு கட்டத்தின் கூலியையும் அந்தக் கட்டம் முடிந்ததும் கொடுப்பதாகவும், கடைசித் தவணை 6,000 வெள்ளியில் 1,800 வெள்ளியை, அதாவது மொத்தக் கூலியில் 5 விழுக்காட்டை, ஆறு மாதம் நிறுத்தி வைப்பதாகவும் பேசி முடித்தார்கள்.

தவணையை எழுதுவது எளிது. பொருள் வாங்கிய கணக்கை எழுதுவதில்தான் பொறுமை வேண்டும். அதற்காக அவர்கள் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள். நாள், கடை, பொருள், அளவு, ஒன்றின் விலை, தொகை, எந்தக் கட்டத்திற்கு உரியது என்று ஏழு பத்திகள். கடைசிப் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையேல் புத்தகம் வெறும் செலவுப் பட்டியலாக நின்றுவிடும்.

கடைச் சீட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். இப்போது கடைகளில் தரும் வழவழப்பான சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கி மறைந்துவிடுகிறது. பணப்பையில் மடித்து வைத்து வெயிலில் நடந்தால் இன்னும் விரைவில் மறையும். அன்றிரவே புத்தகத்தில் எழுதிவிடுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

லாரியில் பொருள் வரும்போது ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்து கேட்பார்கள். எண்ணிப் பார்த்த பின்புதான் கையெழுத்து. நீங்கள் காலையில் பால் வெட்டப் போயிருக்கும்போது லாரி வரும். அந்நேரத்தில் யார் எண்ணுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வயதான தகப்பனாரோ, பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையோ போதும். கல்லையும் சிமெண்டு மூட்டையையும் எண்ணலாம். மணலை எண்ண முடியாது. லாரிப் பெட்டியின் நீள அகலத்தையும் மணல் நிற்கும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சற்றே ஈரமான மணல் உப்பி நிற்கும். காய்ந்த மணலைவிடக் கால் பங்கு வரை கூடுதலாகத் தோன்றும். ஆகவே மணல் கணக்கில் சிறு வேறுபாடு வந்தால் உடனே யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். சுவர் முடிந்தது, பலகையும் பிரித்தாயிற்று. அன்றிரவு கணவரும் மனைவியும் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். குத்தகைக்காரருக்குக் கொடுத்தது 20,000 வெள்ளி. பொருள் வாங்கியது 32,000 வெள்ளி. ஆக 52,000 வெள்ளி. முதல் இரண்டு கட்டங்களின் மதிப்பீடோ கூலி 16,000, பொருள் 25,000, ஆக 41,000 வெள்ளி. பதினோராயிரம் வெள்ளி மிகுதி! அந்த அம்மையார் அன்றிரவு உறங்கவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார். கூரைக்கு மட்டுமே 17,000 வெள்ளி வேண்டும். இதே விகிதத்தில் போனால் வீடு பாதியில் நின்றுவிடும் என்று அஞ்சினார்.

அந்தப் பதினோராயிரத்தைப் பிரித்துப் பார்த்தோம். முதலில் கூலி. செய்த வேலைக்கு 16,000 வெள்ளி, கொடுத்தது 20,000. அந்த 4,000 வெள்ளி தீபாவளிக்கு முன்னர், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று குத்தகைக்காரர் முன்பணமாகக் கேட்டு வாங்கியது. இது மிகுதிச் செலவு அன்று. கூரைத் தவணையில் கழிய வேண்டிய முன்பணம். ஆனால் "கூரைக்கூலியிலிருந்து கழிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அது முன்பணம். இல்லையேல் மறந்துபோன பணம். மனைவி அதை அன்றே எழுதி வாங்கி வைத்திருந்தார். கூரை முடிந்ததும் 2,000 வெள்ளிதான் கொடுத்தார்கள், குத்தகைக்காரரும் மறுக்கவில்லை.

அடுத்து, பொருள். 32,000 வெள்ளியில் 4,500 வெள்ளி கூரைத் தகட்டுக்கும் கூரைச் சட்டத்திற்கும் முன்கூட்டியே கட்டிய தொகை. அது மூன்றாம் கட்டத்திற்கு உரியது. மேலும், 20 மூட்டைச் சிமெண்டு கிடங்கில் பிரிக்கப்படாமல் இருந்தது; மூட்டை 24 வெள்ளி வீதம் 480 வெள்ளி. அதுவும் அடுத்த கட்டத்திற்குப் போகிறது. இவ்விரண்டையும் கழித்தால், முதல் இரண்டு கட்டங்களில் உண்மையாகவே செலவான பொருள் 27,020 வெள்ளி. மதிப்பீடு 25,000. ஆகவே மெய்யான மிகுதி 2,020 வெள்ளி மட்டுமே.

பதினோராயிரம் இரண்டாயிரமாகக் குறைந்ததில் ஆறுதல் உண்டு. ஆயினும் அந்த இரண்டாயிரம் எங்கே போயிற்று என்று பார்க்காமல் விட்டால், அடுத்த மூன்று கட்டங்களிலும் அதே ஓட்டை வழியாகப் பணம் ஒழுகும்.

அடித்தளத்தில் 750 வெள்ளி. ஒரு மூலையில் மண் இளகலாக இருந்ததால் ஆழமாகத் தோண்டிக் கான்கிரீட்டும் கம்பியும் கூடுதலாகப் போட்டார்கள். இது தவிர்க்க முடியாதது, மறுபடி வராதது.

கல்லில் 550 வெள்ளி. அரைக்கல் கனமுள்ள சுவருக்கு ஒரு சதுர அடிக்குச் சுமார் ஐந்தரைக் கல் வேண்டும். கதவு, சாளரம் நீங்கலாக 1,500 சதுர அடிச் சுவருக்கு 8,250 கல். உடைசலுக்கு 5 விழுக்காடு சேர்த்து 8,700 கல் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு கல் 50 காசு. உண்மையில் போனது 9,800 கல். கூடுதலான 1,100 கல்லில் பாதிக்குக் காரணம் உடனே விளங்கியது. வேலை நடக்கும்போது பூசை அறைக்கென்று 10 அடிக்கு 10 அடியில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டுமென்று வீட்டுக்காரரே சொன்னார். அதற்கு 550 கல். மீதி 550 கல் லாரியிலிருந்து கொட்டியபோது உடைந்தவை. கல்லைக் கையால் இறக்கி அடுக்கினால் கூலி சிறிது கூடும். ஆனால் இவ்வளவு கல் உடையாது.

சிமெண்டில் 720 வெள்ளி. இதுதான் ஆராய வேண்டியது. சுவர்க் கட்டத்திற்கு 60 மூட்டை, மூட்டை 22 வெள்ளி என்று மதிப்பீடு. போனது 85 மூட்டை. விலையும் 24 வெள்ளியாக ஏறியிருந்தது. விலை ஏறியதுதான் காரணம் என்று வீட்டுக்காரர் உறுதியாக நம்பினார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 85 மூட்டைக்கு இரண்டு வெள்ளி ஏற்றம் 170 வெள்ளிதான். எஞ்சிய 550 வெள்ளி, 25 மூட்டை கூடுதலாகப் போனதால் வந்தது. விலையேற்றத்தை நாம் தடுக்க இயலாது. அளவு கூடுவதைத் தடுக்கலாம். ஆகவே இந்த இரண்டையும் எப்போதும் பிரித்தே பாருங்கள்.

அந்த 25 மூட்டை எங்கே போயிற்று? அவர்கள் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார்கள். வெறும் சிமெண்டுப் பைகளை எறியாமல் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார்கள். எண்ணினால் 74 பை. கிடங்கின் மூலையில் 11 மூட்டை கல்லாக இறுகிக் கிடந்தது. பலகை போடாமல் மண் தரையிலேயே அடுக்கியதன் விளைவு. 74உம் 11உம் 85. ஆக ஒரு மூட்டைகூட வெளியே போகவில்லை. குத்தகைக்காரர் மீது விழவிருந்த ஐயம் அந்த வெறும் பைகளால் நீங்கிற்று. பைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருந்திருக்கும். கூடுதலாகப் பயன்பட்ட 14 மூட்டையில் இரண்டு அந்தத் தடுப்புச் சுவருக்கு. மற்றது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்தைத் தடிமனாக வைத்ததால் போனது. கொத்தனாரிடம் சொல்லி, பூச்சு வேலையில் கனத்தை அளந்து வைக்கச் செய்தார்கள். மூட்டைகள் பலகை மீது ஏறின. மேலே தார்ப்பாய் வந்தது.

இங்கே இன்னொரு பத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான், ஒப்புக்கொண்டும் இன்னும் கொடுக்காத பணம். பூசை அறைத் தடுப்புக்கு எவ்வளவு கூலி என்று யாரும் பேசவில்லை. "பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்று குத்தகைக்காரர் சொல்லியிருந்தார். இந்த ஒரு வார்த்தையால்தான் வேலை முடியும் நாளில் பல வீடுகளில் சண்டை வருகிறது. கணக்குப் பார்த்த மறுநாளே அவரை அழைத்துக் கேட்டார்கள். அவர் 1,200 வெள்ளி என்றார். கரும்பலகைக் கணக்கின்படி 1,500 சதுர அடிச் சுவருக்குத் தூணும் விட்டமும் சேர்த்தே 9,000 வெள்ளி, அதாவது சதுர அடிக்கு 6 வெள்ளி. 100 சதுர அடிக்கு 600 வெள்ளிதான் ஆகிறது என்று எடுத்துக் காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த 600 வெள்ளியும் புத்தகத்தில் ஏறியது.

இனி எஞ்சியிருப்பதைப் பாருங்கள். கையிலிருந்த 96,000 வெள்ளியில் 52,000 போக மீதி 44,000. குத்தகைக்காரருக்கு இன்னும் கொடுக்க வேண்டியது, 600 வெள்ளியையும் சேர்த்து 16,600. பொருள்களுக்கு 29,000, அதில் கூரைக்காகக் கட்டிவிட்ட 4,500ஐயும் மிச்சமுள்ள சிமெண்டு 480ஐயும் கழித்தால் 24,020. இரண்டும் சேர்ந்து 40,620 வெள்ளி. அப்படியானால் 3,380 வெள்ளி மிஞ்ச வேண்டும். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"கழிவுநீர்த் தொட்டி எந்தக் கட்டத்தில் வருகிறது?" என்று நான் கேட்டேன். ஐந்து வரிகளில் எங்கும் அது இல்லை. குடிநீர் இணைப்பும் இல்லை. மின்சார இணைப்பும் இல்லை. குத்தகைக்காரர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. சுவர்களுக்குள் உள்ள வேலைக்குத்தான் அவர் மதிப்பீடு கொடுத்தார். வீட்டிற்கு வெளியே மண்ணுக்குள் புதையும் செலவுகள் பெரும்பாலான மதிப்பீடுகளில் விடுபட்டுப் போகின்றன. விசாரித்ததில் மூன்றுக்கும் சேர்த்து 5,500 வெள்ளி ஆயிற்று. மிஞ்ச வேண்டிய 3,380 வெள்ளி மறைந்து, 2,120 வெள்ளி பற்றாக்குறை வந்தது.

ஆனால் எப்போது தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். சுவர் முடிந்த அன்றே தெரிந்தது. இன்னும் மூன்று கட்டங்கள் இருந்தன. எதைத் தள்ளிப்போடலாம் என்று அமைதியாகப் பேச நேரம் இருந்தது. கூரையைத் தள்ளிப்போட முடியாது, மழை காத்திருக்காது. சுவருக்குள் புதையும் குழாயையும் மின்கம்பியையும் தள்ளிப்போடக் கூடாது. பூசிய சுவரை மறுபடி உடைத்தால் இரட்டைச் செலவு. வெளிப்புறப் பூச்சையும் விடக் கூடாது. படுக்கையறைத் தரையோட்டை மட்டும் தள்ளிவைக்கலாம். இரண்டு படுக்கையறைகளுக்கும் சிமெண்டுத் தரையை வழவழப்பாகத் தேய்த்து விட்டுவிடுவது, உள் அறைக் கதவுகளில் விலை குறைந்த வகையைப் போடுவது என்று முடிவாயிற்று. இரண்டிலும் சேர்த்து 2,300 வெள்ளி குறைந்தது. யாரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டிய நிலை வரவில்லை.

இந்தக் கணக்கை மாதந்தோறும் பார்க்கலாமே என்று சிலர் கேட்கலாம். வீட்டுக் கணக்கிற்கு மாதம் பொருந்தாது. ஒரு மாதத்தில் பொருள் வந்து குவியும். மறுமாதம் மழையால் வேலையே நடக்காது. கட்டம் முடியும் ஒவ்வொரு முறையும், தவணைப் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். பணம் கொடுத்த பிறகு பார்க்கும் கணக்கால் பெரிய பயனில்லை.

முழுக் குத்தகையாக, பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகைக்குக் கொடுத்திருப்பவர்களுக்கு இந்தப் பொருள் புத்தகம் தேவைப்படாது. அவர்கள் தவணையையும் கூடுதல் வேலையையும் மட்டும் எழுதினால் போதும். ஆனால் குத்தகைக்காரர் நடுவில், "கடையில் கடன் ஏறிவிட்டது, இந்தச் சிமெண்டுக்கு மட்டும் நீங்கள் கட்டிவிடுங்கள்" என்பார். கட்டினால் அது தவணையின் ஒரு பகுதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் ஒரே சிமெண்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர்களாவீர்கள்.

தகராறு முற்றிவிட்டால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்குரைஞர் இல்லாமலே விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் நம் நாட்டில் இருக்கிறது. அங்கே போகிறவர் கையில் ஒப்பந்தத் தாளும், கையெழுத்துள்ள பற்றுச்சீட்டுகளும், தேதியோடு எழுதிய புத்தகமும் இருக்க வேண்டும். வாய்ச்சொல் மட்டும் இருந்தால் நடுவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்? குத்தகைக்காரர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் ஒப்பந்தத்திற்கு முன்பே கேட்டு, பதிவு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தார் குடிபுகுந்து நான்கு மாதம் ஆனபோது அடைமழை பெய்தது. அடுப்படியின் மேல், தகடும் சுவரும் சேரும் இடத்தில் ஒழுகியது. குத்தகைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஆள் வந்து சரிசெய்தார். இன்னும் 1,800 வெள்ளி அவருக்கு வரவேண்டியிருந்தது. ஆறாம் மாத முடிவில் அதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, புத்தகத்தின் கடைசி வரியை எழுதினார்கள். படுக்கையறைத் தரையோடு அடுத்த ஆண்டு போடப்பட்டது.

மதிப்பீட்டுத் தாளைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முன்னே வாருங்கள். ஐந்து கட்டங்களாகப் பிரித்து எழுதிப் பார்ப்போம்.